சென்ற ஆண்டுக் கணக்கைத் திருத்தலாமா?

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், 2023 தொடக்கத்தில் தன் சர்வர்களின் ஆயுளைக் கணக்கில் 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக உயர்த்தியது. அதனால் புதிதாக ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை. கையில் ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் சேரவில்லை. ஆனால் அந்த ஆண்டின் தேய்மானச் செலவு 390 கோடி டாலர் குறைந்தது. நிகர லாபம் 300 கோடி டாலர் கூடியது.

2022இல் அந்த நிறுவனத்தின் நிகர லாபம் ஏறக்குறைய 6,000 கோடி டாலர். 2023இல் சுமார் 7,380 கோடி டாலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு லாபம் 1,380 கோடி உயர்ந்திருப்பது தெரியும். அந்த உயர்வில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஆயுள் மாற்றத்திலிருந்து வந்தது என்பது, ஆண்டறிக்கையின் குறிப்புகளைப் புரட்டிப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இதில் மறைவு எதுவும் இல்லை. எவ்வளவு கூடியது, ஏன் கூடியது என்று நிறுவனமே எழுதியிருக்கிறது. ஆனாலும் நியாயமான ஒரு கேள்வி எழும். சர்வர் 6 ஆண்டு உழைக்கும் என்றால் அது 2022இலும் உழைத்திருக்கும் அல்லவா? அப்படியானால் 2022 கணக்கையும் ஏன் மாற்றி எழுதவில்லை?

கணக்கியலில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. வெளியிட்ட கணக்கில் ஓர் எண் பிறகு மாறுகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். மதிப்பீடு மாறியிருக்கலாம். கணக்கு எழுதும் கொள்கை மாறியிருக்கலாம். அல்லது முன்பே பிழை நடந்திருக்கலாம். உலக அளவில் ஐஏஎஸ் 8, இந்தியாவில் அதைப் பின்பற்றி வந்த இண்ட் ஏஎஸ் 8 என்ற தரநிலை, இந்த மூன்றுக்கும் தனித்தனி வழி சொல்கிறது. அமெரிக்க விதியும் இந்த விஷயத்தில் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறது. மதிப்பீடு மாறினால் பழைய ஆண்டுகளைத் தொடக் கூடாது. மற்ற இரண்டிலும் பழைய ஆண்டுகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன் என்று புரிய ஒரு நூற்பாலைக்குப் போவோம். ஆலையும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வரியால் வரும் சிக்கலையும் ஒதுக்கிவைத்துவிடுகிறேன்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அந்த ஆலை, 2019 ஏப்ரல் 1 அன்று 10 கோடி ரூபாய்க்கு ரிங் ஃபிரேம் இயந்திரங்களை வாங்கியது. 10 ஆண்டு ஓடும், கடைசியில் பழைய இரும்பாக விற்றால் ஒன்றும் தேறாது என்று முடிவு செய்து, ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் தேய்மானம் எழுதி வந்தது. 5 ஆண்டு முடிந்த 2024 மார்ச் 31இல், புத்தகத்தில் இயந்திரத்தின் மதிப்பு 5 கோடி. இப்போது 2024-25 கணக்கு எழுத வேண்டும். அந்த நேரத்தில், இயந்திரத்தின் மொத்த ஆயுள் 10 ஆண்டு அல்ல, 8 ஆண்டுதான் என்று தெரியவருகிறது. மீதி இருப்பது மூன்றே ஆண்டு.

இதுவரை எழுதிய தேய்மானம் குறைவு என்பது வெளிப்படை. ஆனால் அதை எப்படிச் சரிசெய்வது என்பது, 8 ஆண்டு என்ற தகவல் எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது.

முதல் வகை இது. 2023-24 கணக்கை இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட பிறகு, இயந்திரத்தைச் செய்த நிறுவனம் ஒரு கடிதம் அனுப்புகிறது: இந்த மாடலை நிறுத்திவிட்டோம், 2027 மார்ச்சுக்குப் பிறகு உதிரி பாகம் கிடைக்காது. 2019இல் யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. அன்று கிடைத்த தகவலை வைத்து 10 ஆண்டு என்று சொன்னது நேர்மையான கணிப்பு. அது பொய்த்துப்போனதால் பிழை ஆகிவிடாது. ஆகவே இது மதிப்பீட்டு மாற்றம். 2019 முதல் 2024 வரை எழுதிய 5 கோடி அப்படியே இருக்கும். மீதி 5 கோடியை மீதி 3 ஆண்டுக்குப் பகிர வேண்டும். 2024-25இலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 67 லட்சம் தேய்மானம். சென்ற ஆண்டின் லாபம் ஒரு பைசா மாறாது.

இரண்டாம் வகை. 2019இல் இயந்திரம் வாங்கியபோது கையெழுத்தான ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே, மூன்று ஷிப்ட் ஓட்டினால் உழைப்புக் காலம் 8 ஆண்டு என்று எழுதியிருக்கிறது. ஆலை முதல் நாளிலிருந்தே மூன்று ஷிப்ட் ஓடுகிறது. கணக்குப் பிரிவில் அந்த இணைப்பை எவரும் படிக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து வேறு வேலையாகக் கோப்பைப் பிரித்தபோது கண்ணில் படுகிறது. இது பிழை. நம்பகமான தகவல் அன்றே கையில் இருந்தது, பயன்படுத்தாமல் விட்டார்கள்.

பிழையைத் திருத்தும்போது, அந்தப் பிழை நடக்கவே இல்லை என்பதுபோலக் கணக்கை எழுத வேண்டும். 8 ஆண்டு என்று முதலிலேயே வைத்திருந்தால் ஆண்டுத் தேய்மானம் 1 கோடியே 25 லட்சம். ஆண்டுக்கு 25 லட்சம் வீதம் 5 ஆண்டில் 1 கோடியே 25 லட்சம் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. 2024-25 அறிக்கையில் ஒப்பீட்டுக்காக அச்சாகும் 2023-24 பத்தியில் தேய்மானம் 1 கோடி என்பது 1 கோடியே 25 லட்சமாக மாறும். அந்த ஆண்டின் லாபம் 25 லட்சம் குறையும். அதற்கு முந்தைய 4 ஆண்டுகளின் 1 கோடி, 2023 ஏப்ரல் 1 அன்று ஆலை சேர்த்துவைத்திருந்த லாபத்திலிருந்து நேராகக் கழியும். நடப்பு ஆண்டின் லாப நட்டக் கணக்கில் வருவது அந்த ஆண்டுக்குரிய 1 கோடியே 25 லட்சம் மட்டுமே.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரம் ஒன்று, ஆயுளும் ஒன்று. மதிப்பீட்டு மாற்றம் என்றால் இந்த ஆண்டு லாபத்தின் மேல் 1 கோடியே 67 லட்சம் விழுகிறது. பிழை என்றால் 1 கோடியே 25 லட்சம்தான். இந்த 42 லட்சம் வித்தியாசம் நிர்வாகத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். இந்த ஆண்டு லாபத்தை வைத்து ஊக்கத்தொகை வாங்குபவருக்குப் பிழை என்று சொல்லிவிடுவது லாபம். முந்தைய ஐந்து ஆண்டுக் கணக்கில் கையெழுத்திட்டவருக்கோ பிழை என்ற சொல்லே தலைவலி. மதிப்பீட்டு மாற்றம் என்று சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளவே அவர் விரும்புவார். என் பார்வையில் இரண்டாவது ஆசைதான் அடிக்கடி வருவது, ஆபத்தும் அதில்தான் அதிகம். பிழை என்று சொன்னால் ஆண்டறிக்கையில் அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்: பிழை என்ன, எந்தெந்த வரியில் எவ்வளவு திருத்தம், ஒரு பங்குக்கான லாபம் எவ்வளவு மாறியது என்று எழுத வேண்டும். மதிப்பீடு மாறியது என்றால், என்ன மாறியது, அதன் விளைவு எவ்வளவு என்ற நாலைந்து வரியில் காரியம் முடிந்துவிடும்.

ஆகவே தணிக்கையாளர் முதலில் கேட்பது எண்ணை அல்ல, தேதியை. உதிரி பாகக் கடிதத்தில் என்ன தேதி இருக்கிறது? ஆலை இன்ஜினீயரின் ஆய்வறிக்கை எப்போது வந்தது? அதற்கு முன்பு இதே விஷயம் பற்றி மின்னஞ்சல் ஏதாவது போயிருக்கிறதா? எல்லைக்கோடு மார்ச் 31 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. இயக்குநர் குழு கணக்கை ஒப்புக்கொண்ட நாள்தான் எல்லை. மே 24 அன்று குழு ஒப்புதல் தந்திருந்தால், மார்ச் 31இல் இருந்த நிலைமை பற்றி மே 24 வரை கிடைத்த, முயன்றால் கிடைத்திருக்கக்கூடிய தகவல் எல்லாம் அந்தக் கணக்குக்கு உரியவை.

வராக்கடனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நூல் வாங்கிய ஒருவர் 40 லட்சம் தர வேண்டும். 10 லட்சம் வராது என்று ஆலை மதிப்பிட்டு ஒதுக்குகிறது. செப்டம்பரில் அவர் தொழிற்சாலை தீப்பிடித்து, முழுத் தொகையும் போய்விடுகிறது. கூடுதல் 30 லட்சம் நடப்பு ஆண்டின் செலவு. சென்ற ஆண்டுக் கணக்கில் குற்றம் இல்லை. ஆனால் அவர் திவாலாகிவிட்டார் என்ற அறிவிப்பு ஏப்ரலிலேயே ஆலையின் விற்பனைப் பிரிவுக்கு வந்து, மேசையில் கிடந்து, கணக்குப் பிரிவை எட்டாமலே போயிருந்தால்? அப்போது அது பிழை. ஒரு பிரிவுக்குத் தெரிந்தது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது என்பதைத் தரநிலை காரணமாக ஏற்பதில்லை.

மூன்றாவது வகைக்கு வருவோம். கொள்கை மாற்றம் என்பதில் தகவல் புதிதாக எதுவும் இல்லை. அதே விவரங்களை வேறு முறையில் கணக்கிடுகிறோம். பஞ்சு இருப்பை எடுத்துக்கொள்வோம். முதலில் வந்த பேல்தான் முதலில் செலவாகிறது என்று வைத்து மதிப்பிடுவது ஒரு முறை. வாங்கிய விலைகளையெல்லாம் அளவோடு சேர்த்துச் சராசரி எடுப்பது இன்னொரு முறை. இரண்டையும் தரநிலை அனுமதிக்கிறது. 2022 மே மாதத்தில் ஒரு கேண்டி பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டி, பிறகு நன்றாக இறங்கியது. இப்படி விலை ஏறி இறங்கும்போது, குடோனில் இருக்கும் அதே பேல்களுக்கு இரண்டு முறையும் இரண்டு மதிப்பு சொல்லும்.

நம் ஆலை 2024-25இல் சராசரி முறைக்கு மாறுகிறது. 2023 மார்ச் 31 இருப்பு பழைய முறையில் 6 கோடி. புதிய முறையில் 6 கோடியே 10 லட்சம். 2024 மார்ச் 31 இருப்பு பழைய முறையில் 8 கோடி. புதிய முறையில் 7 கோடியே 70 லட்சம். எப்போதும் சராசரி முறையையே பின்பற்றியதுபோல எழுத வேண்டும் என்பதால், 2023 ஏப்ரல் 1 அன்று சேர்த்துவைத்த லாபம் 10 லட்சம் கூடுகிறது. 2023-24 ஆண்டிலோ தொடக்க இருப்பு 10 லட்சம் கூடியதால் செலவு ஏறுகிறது, இறுதி இருப்பு 30 லட்சம் குறைந்ததால் மறுபடி ஏறுகிறது. ஆக அந்த ஆண்டின் லாபம் 40 லட்சம் குறைகிறது. பழைய ஆண்டை விட்டுவிட்டு 2024-25ஐ மட்டும் புதிய முறையில் எழுதினால், படிப்பவர் இரண்டு வெவ்வேறு அளவுகோலால் அளந்த லாபங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். பின்னோக்கித் திருத்தச் சொல்வதன் காரணம் இதுதான்.

பழைய கொள்முதல் விவரங்கள் அழிந்துபோய், எவ்வளவு முயன்றும் கணக்கிட முடியாது என்றால் விலக்கு உண்டு. எந்த ஆண்டிலிருந்து முடியுமோ அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் பழைய ஆண்டை மறுபடி கணக்கிடும்போது, பிறகு நடந்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு அன்றைய மதிப்பீட்டை மாற்றுவதற்கு இடமில்லை. அன்று என்ன தெரிந்ததோ அதை வைத்தே கணக்கிட வேண்டும்.

கொள்கையை நினைத்தபோதெல்லாம் மாற்றவும் முடியாது. தரநிலை கட்டாயப்படுத்தினால் மாற்றலாம். அல்லது புதிய முறை படிப்பவருக்கு நம்பகம் குறையாமல் கூடுதல் பொருத்தமான தகவல் தரும் என்று காட்ட முடிந்தால் மாற்றலாம். லாபம் கூடும் என்பது காரணம் ஆகாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இருப்பு மதிப்பிடும் முறையை மாற்றுகிற நிறுவனம் என்ன காரணம் எழுதியிருந்தாலும் நான் நம்பத் தயங்குவேன்.

சில நேரம் கொள்கையா, மதிப்பீடா என்று பிரிப்பதே கடினமாக இருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் மதிப்பீட்டு மாற்றமாகவே எடுத்துக்கொள் என்கிறது தரநிலை. 2021இல் சர்வதேச அமைப்பு ஒரு திருத்தம் கொண்டுவந்தது: நேரடியாக அளக்க முடியாமல், ஊகத்தோடு கணக்கிட வேண்டிய பணத்தொகைதான் மதிப்பீடு. இந்தியாவில் இது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேய்மானம் கணக்கிடும் முறையை மாற்றுவது, பார்வைக்குக் கொள்கை மாற்றம் போலத் தோன்றினாலும், இன்றைய விதிப்படி மதிப்பீட்டு மாற்றம்தான். இயந்திரத்தின் பயன் எந்த வேகத்தில் தீர்கிறது என்ற ஊகம் மாறியிருக்கிறது என்பது அதன் நியாயம். பழைய இந்தியத் தரநிலையில் இதைக் கொள்கை மாற்றமாக எடுத்து, முதல் நாளிலிருந்து மறுபடி கணக்கிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கணக்கர்கள் இன்றும் இதில் தடுமாறுவதுண்டு.

பிழையைத் திருத்துவது என்றால் பழைய ஆண்டறிக்கையைத் திரும்ப அச்சிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. புதிய ஆண்டறிக்கையின் ஒப்பீட்டுப் பத்தியில்தான் திருத்தம் வரும். வெளியிட்ட பழைய அறிக்கையையே மாற்ற வேண்டுமானால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஒன்றாகவும் அது இருக்க வேண்டும். மோசடியோ நிர்வாகச் சீர்கேடோ கணக்கின் மேல் சந்தேகம் எழுப்பினால், அரசே 130ஆம் பிரிவின் கீழ்ப் போய்க் கணக்கைத் திறக்கச் சொல்லலாம். ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் விழுந்தபோது அதுதான் நடந்தது. 2019 ஜனவரியில் தீர்ப்பாயம் அக்குழும நிறுவனங்களின் முந்தைய 5 ஆண்டுக் கணக்குகளைத் திறக்க அனுமதித்தது. அதே ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சிறிய நிறுவனங்களுக்கு விதி வேறு. இண்ட் ஏஎஸ் 2016 ஏப்ரலில் 500 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வந்தது. அதற்குள் வராத நிறுவனங்கள் பழைய ஏஎஸ் 5ஐயே பின்பற்றுகின்றன. அதன்படி நம் ஆலையின் 1 கோடியே 25 லட்சப் பிழை பழைய ஆண்டுகளுக்குப் போகாது. முந்தைய காலத்து இனம் என்ற பெயரில், தனி வரியாக, இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கிலேயே விழும். எழுதுவதற்கு இது எளிது. ஆனால் இந்த ஆண்டு நன்றாக ஓடிய ஆலை நட்டத்தில் இருப்பதுபோலவும், பிழை நடந்த ஆண்டுகள் நன்றாக இருந்ததுபோலவும் காட்டிவிடும். இண்ட் ஏஎஸ் வழிதான் நேர்மையானது என்பது என் கருத்து.

தொகை சிறியது என்பதால் எல்லாப் பிழையையும் கண்டுகொள்ளாமல் விட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். படிப்பவரின் முடிவை மாற்றாத அளவு சிறிய பிழைக்குப் பழைய பத்தியைத் திருத்தத் தேவையில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட தோற்றம் காட்டவே வேண்டுமென்று செய்த பிழை, எவ்வளவு சிறியதானாலும் மன்னிக்கப்படுவதில்லை. லாபம் ஒரு ரூபாயாவது காட்ட வேண்டும் என்பதற்காக 2 லட்சம் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால், அந்தக் கணக்கு தரநிலைக்கு உட்பட்டதே அல்ல.

பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையில் இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. வழக்கமாக இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு தேதிகள்தான் இருக்கும். மூன்றாவதாக, முந்தைய ஆண்டின் தொடக்க நாளுக்கும் ஒரு பத்தி இருந்தால், குறிப்பிடத்தக்க அளவில் பின்னோக்கித் திருத்தியிருக்கிறார்கள் அல்லது வகைப்பாட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சென்ற ஆண்டுப் பத்தியின் தலையில் ‘ரீஸ்டேட்டட்’ என்ற சொல் இருந்தாலும் அப்படியே. வீட்டில் சென்ற ஆண்டின் அறிக்கை இருந்தால் எடுத்து, அதே வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த எண் நகர்ந்திருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மதிப்பீட்டு மாற்றத்துக்கு இந்த அடையாளம் எதுவும் கிடையாது. அதைச் சொத்து, தேய்மானம், வராக்கடன் பற்றிய குறிப்புகளுக்குள் போய்த்தான் தேட வேண்டும். மாற்றம் ஒவ்வொரு முறையும் லாபத்தைக் கூட்டும் பக்கமே நடக்கிறதா என்றும் பாருங்கள். நேர்மையான ஊகம் இரண்டு பக்கமும் தவறும். அமேசான் 2024இல் சர்வர் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக உயர்த்தியது. அடுத்த ஆண்டே, செயற்கை நுண்ணறிவுத் துறையின் வேகத்தைக் காரணம் காட்டி, அவற்றில் ஒரு பகுதியின் ஆயுளைத் திரும்ப 5 ஆண்டாகக் குறைத்தது.

இயந்திர ஆயுளோ வராக்கடன் ஒதுக்கீடோ மாறியது என்று குறிப்பில் படித்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து ஒன்றைக் கேளுங்கள்: இந்த மாற்றத்துக்குக் காரணமான தகவல் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது? பங்குதாரராக அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சென்ற ஆண்டுக் கணக்கை இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட நாளுக்கு முந்தைய தேதியைச் சொன்னால், அது பெரும்பாலும் மதிப்பீட்டு மாற்றமாக இருக்க முடியாது.